ஒரே ஆள், மூன்று பெயர்: மாந்தை ஆய்வுகளின் நூற்பட்டியல்



மன்னாரில் கூடும் வரலாற்று மாநாடு என்றால் தலைமை உரை மாதோட்டத் துறைமுகத்தின் பழம்பெருமையில் தொடங்கும். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் உங்கள் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். வந்து சேர்ந்த கட்டுரைகளை வாசித்தபோது என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவை நூற்பட்டியல்கள்தான். அவற்றில் ஒருவரே இரண்டு, மூன்று பேராக நடமாடுகிறார். வேறு வேறான இருவர் ஒருவராகிப்போகிறார்கள்.

மாந்தையையே எடுத்துக்கொள்வோம். திருக்கேதீச்சரத்தை அடுத்த அந்த மேட்டில் 1980களில் அகழாய்வு நடந்தது. ஜோன் கார்ஸ்வெல், மார்த்தா பிரிக்கெட் இருவரும் எழுதிய முதல்நிலை அறிக்கை 1984இல் ‘ஏன்ஷன்ட் சிலோன்’ ஐந்தாம் இதழில் வந்தது. முழு அறிக்கை நூலாக வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் முகப்பில் கார்ஸ்வெல்லோடு சிரான் தெரணியகல, அலன் கிரஹாம் ஆகியோரின் பெயர்களும் உள்ளன. அங்கே அவர் Siran Deraniyagala. இலங்கையின் தொல்பழங்காலம் பற்றி 1992இல் வெளியிட்ட பெருநூலில் அவரே S. U. Deraniyagala. பதடொம்பலென குகை பற்றி 2011இல் பலரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் Siran U. Deraniyagala. ஆள் ஒருவர்தான். நம் மாணவர் ஒருவர் மூன்றையும் அச்சில் கண்டபடியே பட்டியலில் இறக்கிவைத்தால், வாசகர் மூவரைத் தேடிப் போவார். போதாததற்கு, அவருடைய தந்தை P. E. P. Deraniyagala அவர்களும் தொல்பழங்காலம் பற்றி நிறைய எழுதியவர். ஆகவே முதலெழுத்துகளை ஒரேயடியாக வெட்டிவிட்டு ‘தெரணியகல’ என்று மட்டும் போடவும் வழியில்லை.

இந்தக் குழப்பம் கண்ணில் படுவது எங்கே? பட்டியலில் அல்ல, கட்டுரையின் நடுவில். சொட்டெரோ போன்ற மென்பொருளில் கார்ஸ்வெல்லின் பழைய கட்டுரையை Carswell, John என்றும் 1984 அறிக்கையை Carswell, J. என்றும் பதிந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு கார்ஸ்வெல்கள். ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவரைப் பிரித்துக் காட்டுவது தன் கடமை என்று அது நினைக்கிறது. அதனால் அடைப்புக்குறிக்குள் ‘Carswell’ என்று மட்டும் வரவேண்டிய இடத்தில் ‘John Carswell’ என்று ஓரிடத்திலும் ‘J. Carswell’ என்று இன்னோரிடத்திலும் அச்சாகும். மேற்கோள் அடைப்புக்குள் யாரும் கேட்காத முதலெழுத்து ஒன்று முளைத்திருந்தால், மென்பொருளைத் திட்டாதீர்கள். உங்கள் பதிவுகளைத் திறந்து பாருங்கள். வரிசையும் இதனாலேயே கெடும். ஒருவர் தனியே எழுதியவை முன்னும், பிறரோடு சேர்ந்து எழுதியவை பின்னும் வருவது பொது வழக்கம். J. என்பது John என்பதற்கு முன்னே போய் உட்கார்ந்துகொள்வதால், கூட்டாக எழுதிய 1984 அறிக்கை அவர் தனியே எழுதியதற்கு மேலே ஏறிவிடும்.

முதல் ஆசிரியரின் பெயரில் நேரும் பிழை இப்படித் தானே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, நான்காவது, ஏழாவது இடங்களில் இருப்பவர்களின் பெயர்கள் அகரவரிசைக்குள் ஒளிந்துகொள்கின்றன. தெரணியகலவின் மூன்று வடிவங்களில் இரண்டு அப்படித்தான் தப்பிக்கின்றன. 2013 நூல் C எழுத்தின் கீழ் கிடக்கிறது. 2011 கட்டுரை முதல் ஆசிரியர் நிமல் பெரேராவின் பெயரில் P எழுத்தின் கீழ் கிடக்கிறது. அந்தக் கட்டுரையிலேயே பெரேராக்கள் இருவர் இருக்கிறார்கள் என்பது இன்னொரு சங்கடம்.

இதற்கு நான் கண்ட வழி மிக எளியது. பட்டியலில் உள்ள எல்லா ஆசிரியர் பெயர்களையும், கூட்டாசிரியர்கள் ஒருவர் விடாமல், விரிதாளில் ஒரு நிரலில் வரிக்கு ஒன்றாக இறக்குங்கள். பக்கத்து நிரலில் அந்தப் பெயர் வரும் படைப்பின் ஆண்டு. பிறகு பெயர் நிரலை வரிசைப்படுத்துங்கள். Deraniyagala என்று தொடங்கும் வரிகள் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். வேறுபாடு கண்ணில் குத்தும்.

ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு இது பாதி வேலைதான். நம் பெயர்கள் ஆங்கிலத்தில் பல வேடம் போடும். சிற்றம்பலம் என்பதை ஒருவர் S இல் தொடங்குவார், மற்றவர் C இல் தொடங்குவார். வரிசைப்படுத்தினால் இரண்டும் பட்டியலின் இரு கோடிகளில் போய் நிற்கும். ஆகவே மூன்றாவதாக ஒரு நிரல் சேர்த்து, ஒவ்வொரு பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதி, அதைக்கொண்டு மறுபடியும் வரிசைப்படுத்துங்கள். S உம் C உம் அங்கே ‘சி’ ஆகி ஒன்றுசேரும். தமிழிலும் வேறுபாடு இல்லாமல் இல்லை. 1926இல் ஆங்கிலத்தில் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ எழுதிய முதலியார் C. Rasanayagam தமிழில் செ. இராசநாயகம். அவரை ‘ராசநாயகம்’ என்று எழுதும் பட்டியலில் ரகரத்திலும், ‘இராசநாயகம்’ என்று எழுதும் பட்டியலில் இகரத்திலும் தேட வேண்டும். இரண்டில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு பட்டியலுக்குள் இரண்டும் இருக்கக்கூடாது.

இனி முதலெழுத்தா, முழுப்பெயரா என்ற கேள்வி. வெளிநாட்டு ஆய்விதழ்கள் சில ‘இயற்பெயரை முழுமையாகத் தருக’ என்று கேட்கின்றன. கார்ஸ்வெல்லுக்கு J. என்பதை John என்று விரித்தால் முடிந்தது. S. Pathmanathan என்பதை விரித்தால் வருவது சிவசுப்பிரமணியம் பத்மநாதன். முன்னே நிற்பது தந்தை பெயர். பத்மநாதன் என்பதுதான் அவர் பெயர், அந்தப் பெயரின் கீழ்தான் அவர் வரவேண்டும். அதே விரிவை யாராவது முன்பின்னாக எழுதிவிட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ‘Sivasubramaniam, P.’ என்று அச்சிடும். மகன் எழுதிய நூலுக்குத் தந்தை ஆசிரியராகிவிடுவார். இதனால்தான் தமிழரும் சிங்களவரும் ஐரோப்பியரும் கலந்து வரும் மன்னார்ப் பட்டியல்களுக்கு எல்லாருக்கும் முதலெழுத்து என்ற விதியே பாதுகாப்பானது என்பேன். பெயரை முதலெழுத்தாகச் சுருக்குவதற்கு ஊகம் வேண்டாம், முதலெழுத்தைப் பெயராக விரிப்பதற்கு வேண்டும். நூலின் முகப்பில் இல்லாத விரிவை நாமாகப் போடுவது பிழை திருத்தம் ஆகாது.

ஒன்றாக்கக் கூடாதவையும் உண்டு. 1984இல் Prickett என்று எழுதியவர், 1990இல் மாந்தைத் துறைமுகம் பற்றி எழுதியபோது Prickett-Fernando. இது எழுத்துப்பிழை அல்ல, அவர் தெரிந்தே இட்டுக்கொண்ட பெயர். அந்தந்த ஆண்டில் அச்சானபடியே விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு ‘பார்க்க’ என்று ஒரு வரி கொடுப்பதே முறை. தலைப்புகளிலும் கை வைக்காதீர்கள். ஹெர்ட்மன் 1903 முதல் வெளியிட்ட முத்துச்சிப்பி அறிக்கையின் தலைப்பில் நம் குடாவின் பெயர் Manaar, ஒரே n. அதை Mannar என்று ‘திருத்திய’ பட்டியலைக் கொண்டு நூலகத்தில் தேடினால் அந்த அறிக்கை அகப்படாமலும் போகலாம். W. A. Herdman என்ற ஆசிரியர் பெயர் மட்டும் எல்லா வரிகளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

கூட்டாக எழுதியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பில் ஒரே குழுவின் கட்டுரைகள் ஒன்றுக்கு மேல் வருகின்றன. ஒரு கட்டுரையில் முழுப்பெயரோடும் இன்னொன்றில் முதலெழுத்தோடும் அதே நண்பர் வந்தால், அதைத் திருத்தும் உரிமை பதிப்பாசிரியருக்கு இல்லை, அந்த நண்பருக்குத்தான் உண்டு. ஆகவே திருத்திய பிரதியை அனுப்புமுன் கூட்டாசிரியர் ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதி வாங்கி, ORCID எண் இருந்தால் அதையும் சேர்த்து இணைத்து அனுப்புங்கள். அந்தத் தாள் இல்லாமல் வரும் பிரதி அச்சுக்குப் போகாது என்று பதிப்புக் குழு முடிவு செய்திருக்கிறது.