பக்கத்து சீட்டுக்காரர்

(முதியோர் தினத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“ஓய்வுக்குப் பின் முதலீடு” என்று பேசச் சொன்னார்கள். வட்டி விகிதத்தை நீங்கள் என்னைவிட நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறீர்கள். பேப்பர் வந்த ஐந்தாவது நிமிடம் தெருமுனையில் அதைத்தானே பேசுகிறோம். அதனால் வேறொன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். “பேரை மட்டும் சொல்லாதீங்க சார்” என்றார்.

நானும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் 17 வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். இரண்டு பேருக்கும் வீடு இங்கே ராஜபாளையத்தில். காலையில் ஒரே பஸ், சாயங்காலம் ஒரே பஸ். ஏறினதும் எனக்கு ஜன்னலோரம், அவருக்கு அடுத்தது. அவர் கேஷ், நான் பெரும்பாலும் கிளியரிங், பில்ஸ். குமாஸ்தா புத்தி, சமீபத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக அரை மணி, வர அரை மணி, வருஷத்துக்கு 270 வேலை நாள். மொத்தம் 4,590 மணி நேரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவியோடுகூட அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து பேசியிருப்பேனா தெரியாது.

அத்தனை மணி நேரமும் என்ன பேசினோம்? டி.ஏ. எப்போது ஏறும், யாருக்கு டிரான்ஸ்பர், எந்தக் கட்சி தேறும், மலையில் மழை உண்டா. 17 வருஷத்தில் அவர் எனக்கு “சார்”, நான் அவருக்கு “சார்”. ஒருநாள்கூட அது மாறவில்லை.

1997 மார்ச், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். ஒருநாள் அவர் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. இரண்டு தடவை எண்ணினோம், வவுச்சரை எல்லாம் புரட்டினோம், கிடைக்கவில்லை. கேஷியர்களுக்குத் தெரியும், குறைந்தால் கைக்காசுதான். பேசாமல் பர்சிலிருந்து எடுத்து வைத்தார். அன்றைக்கு அந்தப் பணம் சின்னப் பணம் அல்ல. பஸ்ஸில் நான் கிண்டல் செய்தேன், “என்ன சார், ஞாபகம் எங்க இருந்துச்சு?” என்று. சிரித்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

2018-இல் அவர் ஓய்வு பெற்றார், அடுத்த வருஷம் நான். அவர் ராஜபாளையம் வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா காலத்து வீட்டுக்குப் போய்விட்டார். தேரடிக்குப் பக்கம். சொந்த வீடு, கோவில் கிட்டே, பென்ஷன் உண்டு, பையன் பெங்களூரில் நல்ல வேலை. கொடுத்து வைத்தவர் என்றுதான் எல்லாரும் சொன்னோம். இங்கே இருந்த பால்காரர், முடிதிருத்துபவர், எதிர்வீட்டுக்காரர் இவர்களை எல்லாம் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

2022 கடைசியில் அவர் மனைவி தவறிவிட்டார். காரியத்துக்குப் போனேன். இருபது நிமிடம் உட்கார்ந்தேன். நான் என்ன பேசினேன் தெரியுமா? டெபாசிட்டில் நாமினி பெயரை மாற்றச் சொன்னேன். லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாச்சா என்று கேட்டேன். “மனசைத் தேத்திக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பயனுள்ள விஷயம் நாலு சொன்னோம் என்ற திருப்தி வேறு.

அதன்பின் எட்டு மாதம் நான் போன் செய்யவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? அவரிடமிருந்துதான் தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு “இனிய காலை வணக்கம்” வருகிறதே. நானும் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிடுவேன். நாலு குரூப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், நாலு குரூப்பிலும் இதே மரியாதை. அவரோடு தொடர்பில் இருக்கிறோம் என்று நாங்கள் இருபது முப்பது பேர் நம்பிக்கொண்டிருந்தோம்.

2023 ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போனவன், கூட்டம் கலையட்டும் என்று அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். திண்ணையில் ஒரு மாதத்துப் பேப்பர், ரப்பர் பேண்ட் கழற்றாமல் அடுக்கியிருந்தது. ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனுஷர். சர்க்கரை மாத்திரை அட்டை எட்டு நாளாகத் தொடாதது. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். மதியத்துக்கு மட்டும் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு, அதில் பாதி ராத்திரிக்கு. சட்டை மட்டும் இஸ்திரி போட்டது! வெளியே தெரிகிறதை நாம் கடைசி வரைக்கும் விடமாட்டோம். கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். பேச விஷயமே இல்லை. கேட்டை விடவில்லை, அவ்வளவுதான்.

“வீட்டுக்கு வாங்க சார்” என்றேன். “வர்றேன் சார்” என்றார். வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். விருந்தாளியாக ஒரு வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார நம்மில் எத்தனை பேருக்கு வரும்? ஒரு காரணம் வேண்டும். பத்திரிகை வைக்க, ஃபாரத்தில் கையெழுத்து வாங்க, துக்கம் கேட்க.

காரணம் கண் வழியாக வந்தது. அவருக்குக் கண்புரை, மதுரையில் ஆபரேஷன், கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பையனிடம் சொல்லவே இல்லை. “அவனுக்கு எதுக்குத் தொந்தரவு” என்றார். நான் போனேன். மறுநாள் கறுப்புக் கண்ணாடி மாட்டித் திரும்பக் கூட்டி வந்தேன். பழைய வழக்கப்படி எனக்கு ஜன்னலோரம், பக்கத்தில் அவர்.

கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது அவராகவே ஆரம்பித்தார். “97-ல கேஷ் ஷார்ட் ஆச்சே, ஞாபகம் இருக்கா சார்?” என்றார். அதற்கு முதல் நாள் கோவில்பட்டியில் தாய்வீட்டில் இருந்த அவர் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. பெண் குழந்தை. ராத்திரியோடு காரியத்தை முடித்துவிட்டு, வருஷக் கணக்கு நேரம் லீவு கேட்கக்கூடாது என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வந்துவிட்டார். “ஒருநாள் எங்கூட இருக்கக்கூடாதான்னு கேட்டா சார். அதுக்கப்புறம் அதை அவளும் பேசல, நானும் பேசல. இப்ப சொல்லலாம்னா அவ இல்ல.”

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆபரேஷன் செய்த கண்ணாயிற்றே, துடைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது வேறு எனக்குப் பதற்றம். என் வாயில் “விடுங்க சார்” என்று வந்துவிட்டது, நல்லவேளையாக விழுங்கினேன். அந்த “விடுங்க சார்”தான் நம் கையில் இருக்கிற பூட்டு. எதிராளியின் துக்கத்தைக் குறைக்க அதைச் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நமக்குத் தாங்காது, அதனால் கதவைச் சாத்துகிறோம். அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பாப்பாவ நீங்க பார்த்தீங்களா சார்?” பார்த்தேன் என்றார். ஊர் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இதை எதிரெதிராக நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லியிருக்கவே மாட்டார். இரண்டு பேரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தது. ஆஸ்திரேலியாவில் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். 1990-களில் தொடங்கி, ஓய்வுபெற்ற ஆண்களுக்காக ‘மென்ஸ் ஷெட்’ என்று ஊருக்கு ஊர் பட்டறைகள் வைத்தார்கள். நாற்காலி ரிப்பேர், சைக்கிள் ரிப்பேர் என்று கைக்கு ஒரு வேலை. ஆண்கள் முகத்துக்கு முகம் பேசுவதில்லை, தோளுக்குத் தோள் பேசுவார்கள் என்பது அவர்கள் வாசகம். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நடந்த வட்டத்தொட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேச்சுக்குக் கம்பனும் தமிழும் சாக்கு. அந்தச் சாக்கில் வளர்ந்த சிநேகம் அவருடைய கடிதங்களில் இருக்கிறது. “உங்கள் பிரச்சினையைப் பேசுவோம் வாருங்கள்” என்று கூப்பிட்டிருந்தால் ஒருவர் வந்திருப்பாரா?

ஆகவே நானும் அவரும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டோம். வியாழக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். திருமுக்குளம் வரை நடை. பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து, அந்தத் தெருப் பெரியவர்களுக்கு ஃபாரம் பூர்த்தி செய்து தருகிறோம். நவம்பரில் போனில் முகத்தைக் காட்டி லைஃப் சர்டிபிகேட் போடுகிற வேலையே நிறைய. வரிசை வாசல் வரை வந்தது. இடையிடையே தானாகப் பேச்சு வருகிறது. வராத வாரமும் உண்டு. வியாழக்கிழமை வரமுடியாவிட்டால் குரலில் சொல்ல வேண்டும், மெசேஜ் செல்லாது. இது மட்டும் சட்டம்.

எல்லாருக்கும் இது பலிக்காது. நம் பகுதியிலேயே ஒருவரிடம் போய், “உம்ம வேலையைப் பாரும்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன். இன்னொருவர் தூக்கமே இல்லை, நான் எல்லாருக்கும் பாரம் என்று சொல்ல ஆரம்பித்தார், சாமான்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அது தனிமை தாண்டிய நோய், திண்ணைப் பேச்சுக்கு அடங்காது. அவர் மகளிடம் சொன்னோம், மனநல மருத்துவரைப் பார்த்தார்கள், இப்போது மாத்திரையில் தேறி வருகிறார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். என் மனைவி அவள் அக்காவிடம் ஒரு மணி நேரம் போன் பேசுவாள். “அப்படி என்னதான் பேசுவீங்க” என்று கேலி செய்வேன். மாமியார் இறந்தபோது அவளோடு உட்கார்ந்து அழ ஐந்து பேர் வந்தார்கள். போன வருஷம் எனக்குப் புராஸ்டேட் பரிசோதனையில் ஒரு எண் கூடுதலாக வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்க இந்தச் சங்கத்தில் இருபது பேர் வருவீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பயமாக இருக்கிறது என்று சொல்ல? பதினோரு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. திருமுக்குளம் படியில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எப்ப மதுரை போகணும்? நான் கூட வர்றேன்” என்றார். போனோம். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. திரும்பும்போது ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்தேன். மாட்டேன் என்றுவிட்டார், பழக்கமில்லையாம்.

இப்போதும் “சார்”தான். அது இனிமேல் மாறாது.

சுண்டல் தயாராகிவிட்டதாகச் செயலாளர் கை காட்டுகிறார். வரும் வியாழக்கிழமை ஒன்பதரை பஸ்ஸில் போகிறேன். ஃபாரம் எழுத இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறது, கையெழுத்து நன்றாக இருந்தால் போதும்.