சூழ்தலும் சுற்றி வருதலும்: நைக்விஸ்ட் அளவுகோலைத் தமிழில் சொல்லுதல்



மொழியியல் படித்த ஒருவர் பொறியியல் அளவுகோல் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கலைச்சொல் ஒன்றைத் தெரிவு செய்யும்போது, அச்சொல் குறிக்கும் பொருளின் உள்ளே சென்று பார்க்காமல் தெரிவு செய்ய இயலாது. இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் ஒரு வினைச்சொல். வரைபடத்தில் ஒரு கோடு ஒரு புள்ளியைச் 'சூழ்கிறது' என்று எழுதுவதா, 'சுற்றி வருகிறது' என்று எழுதுவதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல என்பதைக் காட்டுவதற்கு அந்த வரைபடத்தையே நாம் படித்துப் பார்க்க வேண்டும்.

மண்டபங்களில் ஒலிபெருக்கி திடீரென ஊளையிடுவதை அனைவரும் கேட்டிருப்பீர்கள். ஒலிவாங்கியில் புகுந்த ஒலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியாக வெளிவருகிறது. அதில் ஒரு பகுதி மீண்டும் ஒலிவாங்கியை அடைகிறது. இவ்வாறு வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்புவதைப் பின்னூட்டம் என்கிறோம். திரும்பி வரும் ஒலி முன்னிருந்த ஒலியோடு இசைந்து, அதைவிடக் குறையாமல் வந்து சேர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது வளர்ந்துகொண்டே போகும். ஊளை என்பது அந்த வளர்ச்சிதான்.

பின்னூட்டத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவோரும் உண்டு. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த ஹரால்டு பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர், கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே ஒரு கருத்தைக் குறித்து வைத்தார். தொலைபேசிப் பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியைக் குறி மாற்றி, அதாவது எதிர்மறையாக, உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பினால் பெருக்கியின் திரிபுகள் குறையும் என்பதே அக்கருத்து. இதனை எதிர்ப்பின்னூட்டம் என்கிறோம். ஆனால் அவ்வாறு கட்டிய பெருக்கிகள் சில வேளைகளில் தாமாகவே ஒலிக்கத் தொடங்கின. அக்காலத் தொலைபேசிப் பொறியாளர்கள் இதனைப் 'பாடுதல்' என்றே அழைத்தனர். நாம் ஊளை என்கிறோம். கேட்போரின் மனநிலைக்கேற்பப் பெயர் அமைகிறது போலும்.

குறியை மாற்றி அனுப்பியும் பாடுவது ஏன்? பெருக்கியின் ஒவ்வொரு நிலையும் அலையைச் சிறிது பின்தள்ளுகிறது. குறியை மாற்றுவது அலையை அரைச் சுற்றுத் திருப்புவதற்குச் சமம். ஏதோ ஓர் அதிர்வெண்ணில், நிலைகள் அனைத்தும் சேர்ந்து அலையை மேலும் ஓர் அரைச் சுற்றுப் பின்தள்ளிவிட்டால், இரண்டு அரைகளும் சேர்ந்து முழுச் சுற்றாகிவிடும். எதிர்ப்பாக வர வேண்டியது துணையாக வந்து சேரும்.

எந்த அளவில் இது ஆபத்தாகும் என்பதற்கு விடை சொன்னவர் ஹாரி நைக்விஸ்ட். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவர், 1932ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வரைபட முறையைத் தந்தார். வளையத்தை ஓரிடத்தில் வெட்டித் திறந்துவிடுகிறோம். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஓர் அலையை உள்ளே செலுத்தி, மறுமுனையில் அது எத்தனை மடங்காக, எவ்வளவு கோணம் பின்தங்கி வெளிவருகிறது என்று பார்க்கிறோம். மடங்கை நீளமாகவும் பின்தங்கலைக் கோணமாகவும் கொண்டு ஒரு புள்ளி இடுகிறோம். அதிர்வெண் சுழியிலிருந்து ஏற ஏற அப்புள்ளி நகர்ந்து ஒரு கோடாகிறது. இதுவே துருவ வரைபடம். திறந்த வளையத்தின் இந்தப் படத்தைப் பார்த்து, வளையத்தை மூடிய பின் அது அடங்கி நிற்குமா, பாடுமா என்று சொல்லிவிடலாம்.

படத்தில் முக்கியமான புள்ளி ஒன்றே. நடுப்புள்ளிக்கு மேற்கே ஓரலகு தொலைவில் உள்ள -1 என்பது அது. நீளம் ஒன்று, கோணம் அரைச் சுற்று. அதாவது, குறையாமலும் கூடாமலும் திரும்பி வந்து, குறி மாற்றத்தால் துணையாகிவிடும் அலை. (நைக்விஸ்டின் மூலக் கட்டுரையில் குறி மாற்றமும் கணக்கில் சேர்ந்திருந்ததால், அவருடைய புள்ளி +1. இன்றைய பாடநூல்கள் -1 என்றே கொள்கின்றன.)

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். ஒரே மாதிரியான மூன்று நிலைகளைக் கொண்ட ஒரு வளையம். அதன் மொத்தப் பெருக்கம் K.

L(s) = K/(s+1)^3

அதிர்வெண் √3, அதாவது ஏறத்தாழ 1.73 ஆகும்போது, ஒவ்வொரு நிலையும் அலையைச் சரியாக 60 பாகை பின்தள்ளி, அதன் அளவைப் பாதியாக்குகிறது. மூன்று நிலைகளும் சேர்ந்தால் 180 பாகை. அளவு எட்டில் ஒரு பங்கு. ஆகவே கோடு மேற்கு அச்சைக் கடக்கும் இடம் -K/8. K என்பது 4 ஆனால் கடக்கும் இடம் -0.5. 16 ஆனால் -2. 8 ஆனால் நேராக -1 மீதே செல்லும். அப்போது வளையம் வளராமலும் தேயாமலும் அதே அதிர்வெண்ணில் ஆடிக்கொண்டே இருக்கும்.

இப்போது நீங்கள் -1 என்னும் புள்ளியில் நின்றுகொண்டு, கோட்டில் நகரும் புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கொள்ளுங்கள். K 4 ஆக இருக்கும்போது, அது கிழக்கே 4இல் புறப்பட்டுத் தெற்கே இறங்கி, உங்களுக்குக் கிழக்கே -0.5இல் அச்சைக் கடந்து, சிறிது வடக்கே சென்று நடுப்புள்ளியில் அடங்குகிறது. நீங்கள் தெற்குப் பக்கம் சிறிது திரும்பி, மீண்டும் கிழக்கு நோக்கி நிற்கிறீர்கள். மொத்தச் சுழற்சி எதுவுமில்லை. வளையம் நிலைப்புடையது.

K 16 ஆகட்டும். இப்போது அது தெற்கே சுற்றி, உங்கள் முதுகுப் பக்கமாக மேற்கே -2இல் அச்சைக் கடந்து, வடக்கு வழியாகக் கிழக்கே வந்து அடங்குகிறது. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நீங்கள் முழுதாக ஒரு முறை சுழன்றுவிட்டீர்கள். எதிர்மறை அதிர்வெண்களுக்குரிய பாதி இதன் கண்ணாடி வடிவம். அதையும் சேர்த்தால் இரண்டு சுற்று. மூடிய வளையத்தில் வளரும் இயல்புகள் இரண்டு உள்ளன என்பது இதன் பொருள். அவை இரண்டும் சேர்ந்துதான் ஒரு வளரும் ஊசலாட்டம் ஆகின்றன.

கிழக்கிலிருந்து தெற்கு வழியாக மேற்கு என்பது கடிகார முள்ளின் திசை. தமிழில் இதற்கு ஒரு பழகிய பெயர் உண்டு: வலம் வருதல். கோயிலில் வலம் வரும்போது கருவறை நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கிறது. வரைபடத்திலும் அப்படியே: K 16 ஆகும்போது, கோட்டின் வழியே நடப்பவர் அச்சை வடக்கு நோக்கிக் கடக்கையில் -1 அவருக்கு வலப்பக்கம். K 4 ஆகும்போது அது இடப்பக்கம். திறந்த வளையம் தானே நிலைப்புடையதாக இருந்தால், -1ஐ இடக்கைப் பக்கம் விட்டு நடக்கும் கோடே நல்ல கோடு. கோயில் வழக்கத்துக்கு இது நேர்மாறு என்பதால் மாணவர்களுக்கு மறக்காது.

இனிச் 'சூழ்தல்' என்னும் சொல்லுக்கு வருவோம். சூழ்தல் என்றால் நாற்புறமும் இருத்தல். கடல் சூழ்ந்த தீவு என்கிறோம். அங்கே திசையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. (சூழ்தலுக்கு ஆராய்தல் என்றும் பொருள் உண்டு, சூழ்ச்சி அதன் வழி வந்தது. அது வேறு கதை.) அச்சொல்லை மட்டும் நம்பிய மாணவர் எங்கே இடறுவார் என்பதை நைக்விஸ்டின் காலத்துப் பெருக்கிகளே காட்டுகின்றன.

ஒரு கோடு மேற்கு அச்சை மூன்று முறை கடப்பதாகக் கொள்வோம். முதலில் -6இல் வடக்கு நோக்கி, பிறகு -3இல் தெற்கு நோக்கி, இறுதியில் -0.5இல் மீண்டும் வடக்கு நோக்கி. எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்தவை. ஆனால் இத்தகைய பெருக்கிகள் மெய்யாகவே உண்டு. அரைச் சுற்றுப் பின்தங்கிய அலை ஆறு மடங்காகவும் மூன்று மடங்காகவும் திரும்பி வருகிறது. பெருக்கி கட்டாயம் பாடும் என்றே அன்று பலரும் கருதியிருப்பர். படத்தில் கோடு -1இன் நாற்புறமும் காணப்படுகிறது. சூழ்ந்திருக்கிறது என்றுதான் கண் சொல்லும். ஆனால் -1இல் நின்று பார்ப்பவர் -6இல் வலமாகச் சுழல்கிறார், -3இல் இடமாகத் திரும்பிவிடுகிறார். மொத்தம் சுழி. பெருக்கி பாடாது.

இதன் பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்காக்கினால் கடக்கும் இடங்கள் -1.2, -0.6, -0.1 ஆகின்றன. இப்போது -1க்கு மேற்கே ஒரே ஒரு கடப்பு, அதுவும் வடக்கு நோக்கி. எதிர்த்திசையில் ஈடு செய்ய ஒன்றுமில்லை; பெருக்கி பாடுகிறது. பெருக்கத்தைக் கூட்டினால் கெடும் என்பது எல்லாரும் அறிந்தது. குறைத்தாலும் கெடும் என்பதுதான் புதுமை. இதனை நிபந்தனைக்குட்பட்ட நிலைப்பு என்கின்றனர். வெற்றிடக் குழாய்கள் சூடேறி முழுப் பெருக்கத்தை எட்டும் முன்போ, மிகை உள்ளீட்டால் திணறிப் பெருக்கம் குன்றும்போதோ இத்தகைய பெருக்கி பாடத் தொடங்கக்கூடும். தொடங்கினால் தானாக நிற்காமலும் போகலாம்.

ஆகவே 'சுற்றி வருதல்' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். திசையோடு சொல்லும்போது வலச்சுற்று, இடச்சுற்று. கழித்துப் பெறுவது நிகரச் சுற்று. அளவுகோலை எழுதும் முறை இது:

N = Z - P

N என்பது நிகர வலச்சுற்று. Z என்பது மூடிய வளையத்தின் வளரும் இயல்புகளின் எண்ணிக்கை. P என்பது திறந்த வளையத்திலேயே இருந்த அத்தகைய இயல்புகளின் எண்ணிக்கை.

P சுழியல்லாத நிலையில் இடச்சுற்றுக்கு மதிப்பு வருகிறது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள்; விட்டால் அது தானே சாயும். இதன் மிக எளிய மாதிரி K/(s-1). இங்கே P ஒன்று. K 2 ஆனால் படம் -1ஐ மையமாகக் கொண்ட, ஓரலகு ஆரமுள்ள வட்டம். அது -2இல் தொடங்கித் தெற்கு வழியாகக் கிழக்கே வருகிறது. கண்ணாடிப் பாதியையும் சேர்த்தால் ஓர் இடச்சுற்று. N = -1, ஆகவே Z சுழி; குச்சி நிற்கும். K அரையானால் வட்டம் -0.5இலேயே தொடங்கிவிடும், -1ஐ எட்டாது. N சுழி, Z ஒன்று. திருத்தும் கை போதிய வேகம் இல்லாததால் குச்சி விழும். இங்கே சுற்றி வராமையே கேடு.

ஆசிரியர்கள் ஒன்றை மட்டும் மாணவர்களிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்: P எவ்வளவு? படம் அதைச் சொல்லாது. திறந்த வளையம் தானே வளரும் இயல்புடையதானால், வெட்டித் திறந்து அளக்கத் தொடங்கியதுமே வெளியீடு எல்லை கடந்து ஓடும். படத்தை அளந்து பெறவே முடியாது, கணக்கிட்டோ வேறு வழியிலோதான் பெற வேண்டும். நைக்விஸ்டின் 1932 கட்டுரை திறந்த வளையம் நிலைப்புடையது என்று கொண்டே எழுதப்பட்டது. P கொண்ட வடிவம் பின்னர் வந்த விரிவு. பாடநூலில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கும்போதுதான் 'சுற்றினால் கெடும்' என்னும் பாதி விதி மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது.

கேள்விகள் இருப்பின் கேட்கலாம்.