பாஸ் கேட்கும் விளையாட்டு

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகன் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் அவனுடைய அப்பா வழிப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தான். வீட்டில் சிக்னல் கிடையாது. கடைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் மட்டும் இரண்டு கோடு வரும். மறுநாள் காலையில் அந்த வளைவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான். "மாமா, ரெண்டு கேம் கொண்டாந்தேன். ஒண்ணு திறக்குது. கார் ரேஸ் மட்டும் இன்டர்நெட் வேணுங்குது. காசு கொடுத்து வாங்கினதுதானே, இப்ப எதுக்குக் கேக்குது?" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கு என் பேச்சு முழுக்க அதற்கான பதில்தான்.

இன்று கணினி விளையாட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தகட்டை வாங்குவதில்லை. ஸ்டீம் போன்ற இணையக் கடையில் பணம் கட்டினால் நம் கணக்கில் ஓர் உரிமம் ஏறுகிறது. விளையாட்டைத் திறக்கும்போது, இந்த ஆளுக்கு உரிமம் இருக்கிறதா என்று கடையின் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இணையம் இல்லாவிட்டால் கேட்க முடியாதே? அதற்காக, இணையம் இருந்தபோதே ஒரு சின்னக் கோப்பை நம் கணினியில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அதை பஸ் பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துநர் ஒவ்வொரு தடவையும் டிப்போவுக்கு போன் போட்டு விசாரிப்பதில்லை. பாஸில் இருக்கும் பெயரையும் தடத்தையும் தேதியையும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். ஆஃப்லைன் முறையில் விளையாட்டும் அப்படித்தான் பார்க்கிறது. எந்தக் கணக்கு, எந்தக் கணினி, எந்தத் தேதி. இதில் ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் பாஸ் செல்லாது. சர்வரிடம் போய் வேறு பாஸ் வாங்கி வா என்று விளையாட்டு நின்றுவிடும். இணையம் இல்லாதபோது சோதனையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். சோதனை நடக்கத்தான் செய்கிறது, கையில் இருக்கும் பாஸை வைத்து நடக்கிறது.

சரி, ஒரே கணினியில் ஒரு விளையாட்டு திறந்து இன்னொன்று ஏன் திறக்கவில்லை? காரணம், பூட்டு இரண்டு. முதல் பூட்டு கடையுடையது. இரண்டாவது பூட்டு விளையாட்டைத் தயாரித்தவர்கள் தனியாகப் போட்டது. எல்லா விளையாட்டுக்கும் இந்த இரண்டாவது பூட்டு இருக்காது. பெரிய செலவில் எடுத்த விளையாட்டுகள் பலவற்றில் டெனுவோ என்ற பெயரில் ஒரு பூட்டு வருகிறது. திருட்டுப் பிரதி எடுக்க முடியாமல் தடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு கணினியிலும் முதல் தடவை திறக்கும்போது இணையம் வழியாக அது ஆக்டிவேஷன் வாங்குகிறது. அப்போது அந்தக் கணினியின் வன்பொருள், இயங்குதளம் ஆகியவற்றின் அடையாளத்தோடு சேர்த்து பாஸை எழுதுகிறது. பிராசஸரையோ மதர்போர்டையோ மாற்றினால் அடையாளம் மாறிவிடும். விண்டோஸுக்கு ஒரு பெரிய அப்டேட் வந்தாலும் மாறக்கூடும். விளையாட்டுக்கே புதுப் பதிப்பு வந்தாலும் பழைய பாஸ் செல்லாமல் போகலாம்.

பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கிளம்புறதுக்கு முன்னாடி லேப்டாப்பை அப்டேட் பண்ணினியா?"

"ஆமா மாமா, ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடுச்சு. காலையில அப்படியே மூடி பையில வெச்சேன்."

விஷயம் அங்கேதான் இருந்தது. முந்தைய நாள் வரை ரேஸ் விளையாட்டு நன்றாக ஓடியிருக்கிறது. அப்டேட் முடிந்தபின் இணையம் இருக்கும்போது ஒரு தடவை அதைத் திறந்திருந்தால் சத்தமில்லாமல் புதுப் பாஸ் வாங்கிக்கொண்டிருக்கும். திறக்காமல் மலையேறிவிட்டான். இன்னொரு விளையாட்டில் இரண்டாவது பூட்டு இல்லாததால் அதற்கு எந்தக் குறையும் வரவில்லை.

வழி சொன்னேன். வீட்டுக்குப் போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அதே வளைவுக்கு வந்தான். போனில் ஹாட்ஸ்பாட் போட்டான். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. லேப்டாப் இணையத்தைக் கண்டதும், கடைச் செயலி எல்லா விளையாட்டுக்கும் அப்டேட் தேட ஆரம்பித்துவிடும். சில அப்டேட்டுகள் இருபது முப்பது ஜிபி இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வைத்திருப்பவன் என்ன செய்வான்? ஆக்டிவேஷனுக்குத் தேவையான தகவலோ மிகச் சிறியது, சுமாரான சிக்னலிலும் முடிந்துவிடும். அதனால் வந்தவுடன் டவுன்லோடை நிறுத்தச் சொன்னேன். பிறகு ரேஸ் விளையாட்டைத் திறந்து, முதல் பட்டியல் திரையோடு விடாமல், ஒரு பந்தயம் தொடங்கும் வரை போகச் சொன்னேன். பாதைச் சுவரில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அப்படியே செய்தான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்புறம் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தான். திறந்தது.

அவனுக்கு வளைவு பக்கத்தில் இருந்தது. கப்பலில் வேலை பார்ப்பவருக்கோ, மாதக்கணக்கில் கடலுக்குள் எண்ணெய் மேடையில் இருப்பவருக்கோ அந்த வளைவு கிடையாது.

விளையாட்டு திறக்காதபோது பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கடைச் செயலியே திறக்காமல் கடவுச்சொல் கேட்டால், கணக்கு நுழைவு சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். செயலி திறந்து, மற்ற விளையாட்டுகள் ஓடி, ஒன்று மட்டும் மறுத்தால் அது விளையாட்டின் சொந்தப் பூட்டு. எதுவுமே ஓடாமல், இணையம் கொடுத்த பின்னும் வலைத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். கணினிக்குள் கடிகாரத்துக்கென்று காசு அளவில் ஒரு வட்ட பேட்டரி உண்டு. அது செத்துப்போனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இன்று எழுதிய பாஸ், அந்தக் கணினிக்கு வருங்காலத்தில் எழுதியதாகத் தெரியும். தேதியைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தச் சின்ன பேட்டரி ஒரு பெரிய நிறுவனத்தையே யோசிக்க வைத்திருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் 4 பெட்டியில் இந்த பேட்டரி தீர்ந்து, இணையமும் இல்லாமல் போனால், தகட்டில் வாங்கிய விளையாட்டுகூட ஓடவில்லை. விளையாட்டில் ஜெயிக்கும் கோப்பைகளுக்கு நேரத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடுதான் காரணம் என்று ஆர்வலர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். சோனி என்றைக்காவது தன் சர்வரை நிறுத்திவிட்டால், பேட்டரி தீர்ந்த ஒவ்வொரு பெட்டியும் வெறும் பெட்டியாகிவிடுமே என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் அந்தச் சிக்கலைச் சோனி நீக்கியது.

அதே வருடம் நவம்பரில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. வாங்கியவர்கள் கையில் இணையம் இருந்தது, மறுமுனையில் சர்வரைக் காணோம். டெனுவோவின் ஆக்டிவேஷனுக்குப் பயன்பட்ட ஓர் இணைய முகவரியின் பதிவு காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்கும்வரை, பணம் கட்டி வாங்கிய பலருக்கு விளையாட்டுகள் திறக்கவில்லை. வீட்டு இணையத்தில் ஒரு குறையும் இல்லை, கணினியிலும் இல்லை. எங்கோ ஒரு முகவரியைப் புதுப்பிக்க மறந்ததற்கு வாங்கியவன் ஏன் விளையாடாமல் உட்கார வேண்டும்? எனக்கு இது சரியாகப் படவில்லை. திருட்டைத் தடுக்கப் பூட்டு போடட்டும். ஆனால் சாவி கொடுக்கும் ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் பூட்டு போட்டவர்தான் பொறுப்பு.

இனி, இணையம் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியது. இதில் வரிசைதான் முக்கியம். கிளம்புவதற்கு முந்தைய மாலையில், முதலில் விண்டோஸ் அப்டேட்டையும் விளையாட்டுகளின் அப்டேட்டையும் முழுதாக முடியுங்கள். பாதியில் நிற்கும் அப்டேட் இருந்தால் ஸ்டீம் ஆஃப்லைனில் அந்த விளையாட்டைத் திறக்கவே விடாது. ஸ்டீமில் நுழையும்போது Remember me என்ற கட்டத்தில் குறி இருக்கட்டும். கணினியை அணைத்துப் போட்டு, இணையத்தோடு ஒவ்வொரு விளையாட்டையும் திறந்து, ஒரு நிமிடமாவது நிஜமாக விளையாடுங்கள். பிறகு Steam பட்டியலில் Go Offline என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், கடைசிப் படி இனிமேல்தான். வைஃபையை முழுதாக அணைத்து, கணினியையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, விளையாட்டுகளை மறுபடி திறந்து பாருங்கள். வீட்டில் திறந்தால் மலையிலும் திறக்கும். இந்தச் சோதனை முடிந்தபின் ஊர் போய்ச் சேரும்வரை எந்த அப்டேட்டும் போடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கணக்குக்கு ஒரு பெட்டியைத்தான் ஆஃப்லைனில் ஓடும் சொந்தப் பெட்டியாகக் குறிக்க முடியும். பிளேஸ்டேஷன் 5 அமைப்புகளில் அதற்கு Console Sharing and Offline Play என்று பெயர். எக்ஸ்பாக்ஸில் My home Xbox. அண்ணன் பெட்டியில் அந்தக் குறி இருந்தால், உங்கள் பெட்டி ஒவ்வொரு தடவையும் இணையம் கேட்கும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஸ்டீமில் விளையாட்டின் பக்கத்தில், வெளியார் பூட்டு இருந்தால் ஒரு கட்டத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். டெனுவோ இருக்கும் பல விளையாட்டுகளில், ஒரு நாளைக்கு ஐந்து கணினிகளில்தான் ஆக்டிவேஷன் என்ற வரம்பும் அங்கேயே எழுதியிருக்கும். லினக்ஸில் விளையாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டித்தரும் புரோட்டான் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு புதுக் கணினியாகக் கணக்கில் ஏறி, ஒரு நாள் முழுக்கப் பூட்டிவிடும். ஜிஓஜி என்ற கடையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே நிறுவும் கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ளலாம், தனியாள் விளையாட்டுகளுக்கு ஆக்டிவேஷன் கேட்பதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் இப்படி வாங்குவதைப் பற்றியே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விற்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல், 'வாங்குங்கள்' என்ற சொல்லைக் கடைக்காரர் போடக்கூடாது. நிரந்தரமாக இறக்கி, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய சரக்குக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. சொந்தம் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

நம் கடைகளும் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். இணையம் இல்லாமல் இந்த விளையாட்டு எத்தனை நாள் ஓடும், எதை மாற்றினால் நிற்கும் என்று, விலைக்குப் பக்கத்திலேயே, பணம் கட்டுவதற்கு முன்னால். அந்த வரி வரும்வரை, நேயர்களே, பெட்டி கட்டும் முன் வைஃபையை அணைத்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.