எல்லாம் உள்ள மாமாவுக்கு ஒரு கைத்தடி

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். சங்கத்தார் எனக்குத் தந்த தலைப்பு வேறு: எதையும் வாங்கக்கூடிய வசதியுள்ள உறவினருக்கு என்ன பரிசு கொடுப்பது? நம்மில் பலரது குடும்பத்தில் அப்படி ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். நமது படிப்புக்குப் பணம் அனுப்பியவரும் அநேகமாக அவராகவே இருப்பார். அவருக்கு நாம் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்தால், "ஏன் பிள்ளை வீண் செலவு?" என்பார். அந்த வேட்டி அலுமாரிக்குள் போய்விடும்.

என் மாமா மெல்பேர்னில் இருக்கிறார். எண்பதாவது பிறந்தநாள் நெருங்கிய வேளையில் அவருக்கு இடது முழங்கால் தேய்ந்திருந்தது. ஒருமுறை குளியலறையில் விழுந்தும் விட்டார். அங்குள்ள வைத்தியர் அலுமினியத் தடி ஒன்றைக் கொடுத்தாராம். "இதைப் பிடித்தால் நான் நோயாளி போல இருக்கிறேன்" என்று சொல்லி அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. இதை நான் வாட்டில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே அவர் விரும்பிக் கையில் எடுக்கும் ஒரு தடி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு நம் மாத்தளையிலேயே வழி இருந்தது. பல்லேஹப்புவிட கிராமத்தின் அரக்கு வேலையை உங்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் அதை "நியபொத்து வெட" என்பார்கள், நகத்தால் செய்யும் வேலை என்று பொருள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இதை விவரித்திருக்கிறார். மற்ற இடங்களில் மரத்தைக் கடைச்சல் பொறியில் சுழற்றி அரக்கைப் பூசுவார்கள். இங்கே பொறியும் தூரிகையும் இல்லை.

மரக்கொப்பில் அரக்குப் பூச்சி விடும் பிசினைச் சுத்தம் செய்து, சூடாக்கி, தட்டி, இழுத்து, சாயம் சேர்க்கிறார்கள். தணலில் மரத்தைச் சூடுபடுத்தி, முதலில் ஒரு நிறத்தை, பெரும்பாலும் சிவப்பை, முழுவதும் பூசி ஓலைத் துண்டால் தேய்த்து மழமழப்பாக்குகிறார்கள். பிறகு மஞ்சள் அல்லது பச்சை அரக்கை இளக்கி நூல் போல மெல்லிதாக இழுத்து, சூடான மரத்தின் மேல் வைத்து, வேண்டிய இடத்தில் பெருவிரல் நகத்தால் கிள்ளி விடுகிறார்கள். சூடு குறைந்தால் நூல் ஒட்டாது, கூடினால் கோடு பரவிப் போகும். ஒரு பூவிதழுக்கு எத்தனை கிள்ளல் என்று எண்ண முயன்று நான் பாதியில் கைவிட்டேன்.

ஆனால் அழகான அரக்குத் தடி எல்லாம் ஊன்றும் தடியல்ல. கடையில் இருப்பவை பெரும்பாலும் காட்சிக்கானவை, மெல்லியவை, மேலே உருண்டைப் பிடி கொண்டவை. முழங்கால் நோவுள்ளவர் உடம்புப் பாரத்தை உருண்டையில் ஊன்றினால் உள்ளங்கை நோகும். எனவே நன்கு காய்ந்த, இழை நேராக ஓடும் கடின மரத்தில், கை முழுதும் படியும் தட்டையான பிடியோடு செய்யச் சொன்னேன். மரம் ஈரமாக இருந்தால் பின்னர் சுருங்கி, மேலுள்ள அரக்கு வெடித்துவிடும்.

அடுத்தது அளவு. வழமையாகப் போடும் சப்பாத்துடன் நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து மணிக்கட்டின் மடிப்புக் கோடு வரைக்குமான உயரமே தடியின் உயரம். தடியைப் பிடிக்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். மாமாவுக்குத் தெரியாமல் மச்சாளைக் கொண்டு அளக்கச் செய்தேன். அவள் முதலில் அனுப்பியது 81 சென்றிமீற்றர், வெறுங்காலில் அளந்தது. சப்பாத்துடன் அளந்தபோது 84 வந்தது. அடியில் போடும் இறப்பர் மூடியின் தடிப்பு ஒரு சென்றிமீற்றர், ஆகவே மரம் 83. மூடியையும் நானே முன்கூட்டி வாங்கிக் கொண்டு போனேன், 19 மில்லிமீற்றர் வாயுள்ளது. தடியின் நுனியை அதற்கேற்பச் சீவ வேண்டும். அரக்குப் பூசிய பிறகு வெட்டினால் சித்திரமும் கெடும், ஓரமும் உதிரும். அதனால் பூசுவதற்கு முன்பே அந்தக் கைவினைஞர் தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டு ஊன்றிப் பார்த்தார்.

பிடியில் மட்டும் அரக்கு வேண்டாம் என்றேன். அரக்கு அற்ககோலில் கரையும். கைகளுக்குக் கிருமிநீக்கி பூசிக்கொண்டு பிடித்தால் சாயம் விரலில் ஒட்டிக்கொள்ளும். அவர் சிரித்துக்கொண்டு, "டொக்டருக்கு ஏற்ற கவலை" என்றார். இன்னொரு வைத்தியக் கவலையும் இருக்கிறது. பழைய காலச் சிவப்பிலும் மஞ்சளிலும் இரசமும் ஆர்சனிக்கும் உண்டு. கைத்தடிக்குப் பரவாயில்லை. குழந்தை வாயில் வைக்கும் கிலுகிலுப்பை வாங்குபவர்கள் என்ன சாயம் என்று கேட்டு வாங்குங்கள்.

சித்திரம் என்னவென்று தீர்மானிப்பதில்தான் எனக்கு நேரம் போனது. மாமா பிறந்த வளவில் மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. மழைக்காலத்தில் ஏறிப் பறித்துச் சாக்கில் காயப்போட்ட கதையை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! மிளகுக் கொடி கேட்டேன். வழமையான கொடி வேலை தெரியும், மிளகு செய்ததில்லை என்றார் கைவினைஞர். ஒரு மிளகுக் குலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுவில் ஒரு பச்சை நூல், இருபுறமும் கிள்ளி ஒட்டிய சிறு பொட்டுகள், இடையிடையே இரண்டு சிவப்புப் பழம். இரண்டு மாதமும் மூன்று பயணமும் ஆனது. விலை மாமாவின் ஒருநாள் கோப்பிச் செலவைவிட அதிகந்தான், ஆனாலும் அவர் கணக்கில் அது பணமேயில்லை.

வாங்க எண்ணும் சகோதரிகளுக்கு: பூச்சு வேலையை அரக்கு வேலை என்று விற்பதும் உண்டு. தூரிகைக் கோடு தொடக்கத்திலும் முடிவிலும் மெலியும். நகக் கோடு ஒரே தடிப்பில் ஓடிச் சட்டென்று கிள்ளியது போல நிற்கும். அரிது என்பதற்காகப் பழைய ஏட்டுச் சுவடியையோ புராதனப் பொருளையோ வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், அவற்றை வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்கள அனுமதி வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு எந்த மரப்பொருளானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். பட்டையோ பூச்சித் துளையோ இருந்தால் தடுத்துவிடுவார்கள்.

தடியோடு ஒரு கடிதமும் வைத்தேன். யார் செய்தது, எந்த ஊர் மிளகு என்று எழுதினேன். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், அரக்கு இளகும் என்றும், நோவுள்ள இடது காலுக்கு வலது கையில் பிடியுங்கள் என்றும் எழுதினேன். இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை, நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்.

வீட்டுக்குள் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாராம், அது எனக்குக் கவலைதான். வெளியே போகும்போது தடி கூடவே போகிறது. கோயிலில் யாராவது கேட்டால் மிளகைத் தொட்டுக் காட்டிக் கதை தொடங்கிவிடுகிறார் என்று மாமி சொன்னார். போன மாதம் தொலைபேசியில் மாமாவே கேட்டார்: "பிள்ளை, அடி இறப்பர் தேய்ந்து வழுக்குது. அது என்ன அளவு?" அடியிலுள்ள வரிப்பள்ளங்கள் மறைந்தால் மாற்றிவிட வேண்டும், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்று சொல்லி, 19 மில்லிமீற்றர் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.