ரெப்போ குறைஞ்சா நம்ம தவணை குறையுமா?
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சதா செய்தி வந்ததும், "எங்க தவணை அப்படியேதான் இருக்கு"ன்னு பல உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ. 2025 பிப்ரவரியில் 6.50 சதவீதமாக இருந்தது. அந்த ஆண்டில் நான்கு முறை குறைத்து, டிசம்பர் 5-ம் தேதி அறிக்கையில் 5.25 ஆக்கினார்கள்.

இது எல்லாக் கடனுக்கும் போய்ச் சேராது. நிலையான வட்டியில் வாங்கிய கடன், கெடு முடியும்வரை மாறாது. மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனும் நகைக் கடனும் பெரும்பாலும் இந்த வகைதான். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்குத்தான் பலன் நேராக வரும். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வணிக வங்கிகள் இப்படிக் கொடுத்த வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு இணைந்தவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வங்கி அந்த வட்டியை மாற்றியாக வேண்டும்.

அப்படியானால் தவணை ஏன் குறையவில்லை? பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு, கட்ட வேண்டிய மாதங்களைக் குறைத்துவிடுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய் கடன், 15 வருடம், வட்டி 9 சதவீதம். மாதத் தவணை சுமார் 5,071 ரூபாய். வட்டி 8 ஆனதும் தவணையைக் குறைத்தால் 4,778 ரூபாய். மாதம் 293 ரூபாய் கையில் மிஞ்சும். பழைய தவணையையே கட்டினால் 180 மாதக் கடன் சுமார் 162 மாதத்தில் முடியும். முதல் வழியில் மொத்தம் ஏறக்குறைய 53 ஆயிரம் மிச்சம். இரண்டாவதில் 95 ஆயிரம். முடிஞ்சவங்க பழைய தவணையையே கட்டுவதுதான் லாபம்.

வட்டி ஏறும்போது இதே கணக்கு தலைகீழாகும். தவணை மாறாது, மாதங்கள் சத்தமில்லாமல் நீளும். அதனால் பாஸ்புக்கில் தவணையை மட்டும் பார்த்தால் போதாது. கிளையில் கடன் விவர அறிக்கை கேட்டு வாங்குங்கள். இப்போதைய வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் பாக்கி, இந்த இரண்டையும் பாருங்கள். வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

சேமிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே போட்ட வைப்புத்தொகைக்கு முதிர்வுத் தேதிவரை பழைய வட்டிதான். புதுசாகப் போடும்போதும் புதுப்பிக்கும்போதும்தான் குறைந்த வட்டி வரும். குழுவின் வைப்புத்தொகை என்றைக்கு முதிர்கிறது என்பதை அடுத்த கூட்டத்திலேயே ஏட்டில் எழுதி வையுங்கள்.