சரக்கு எத்தனை நாளில் வரும்?

 

நாங்கள் தூத்துக்குடியிலிருந்து மிளகாய் வற்றல் தருவித்துக் கிள்ளானில் மொத்த விற்பனை செய்கிறோம். எத்தனை நாளில் வரும் என்று கேட்டால் சப்ளையர் "21 நாள்" என்பார். அந்த வாக்கை நம்பி ஆர்டர் போட்டால் ஒன்று கடை காலியாக நிற்கும், அல்லது பயந்துபோய் அளவுக்கு மீறி வாங்கிப் பணத்தை முடக்குவோம். உண்மையான நாள் கணக்கு நம் கிடங்கின் பழைய ரசீதுகளிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு தேதிகள் போதும். ஒன்று, ஆர்டரை அனுப்பிய நாள். மற்றது, மூட்டைகள் கிடங்கில் இறங்கி, எண்ணிச் சரிபார்த்து, விற்பனைக்குத் தயாரான நாள். இன்வாய்ஸ் தேதியையோ கப்பல் வந்த தேதியையோ எடுக்கக் கூடாது. சுங்கச் சோதனையும் லாரியும் அதற்குப் பிறகுதான். சரக்கு இரண்டு தவணையாக வந்தால், பெரும்பகுதி வந்து சேர்ந்த நாளை எழுதுகிறோம்.

கடைசிப் பத்து ஆர்டர்களை வரிசைப்படுத்தியபோது கிடைத்த நாட்கள் இவை: 24, 26, 27, 27, 28, 29, 30, 33, 38, 46. ஒன்றுகூட 21 இல்லை. சராசரி ஏறக்குறைய 31. ஆனால் சராசரியை வைத்துத் திட்டமிட்டால் 33, 38, 46 ஆகிய மூன்று முறையும் சரக்கு தாமதம்தான். அதனால் பத்தில் ஒன்பதை உள்ளடக்கும் 38 நாளை எடுத்துக்கொண்டோம்.

நாளொன்றுக்கு நான்கு மூட்டை விற்கிறோம். 21 நாள் கணக்கில், கையிருப்பு 84 மூட்டைக்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர் போட வேண்டும். 38 நாள் கணக்கில் 152 மூட்டை இருக்கும்போதே போட வேண்டும். இடையிலுள்ள 68 மூட்டையின் பணம்தான் நிச்சயத்திற்கு நாம் கொடுக்கும் விலை. 46 நாளையும் உள்ளடக்கினால் மேலும் 32 மூட்டை. அந்த முறை கொழும்பில் கப்பல் மாற்றும்போது கண்டெய்னர் அங்கேயே தங்கிவிட்டது. அது மீண்டும் நடக்கக்கூடியது என்பதால் பட்டியலிலிருந்து அழிக்கவில்லை. ஆனால் அதற்காக ஆண்டு முழுவதும் பணத்தை முடக்கவும் இல்லை. அப்படி நேர்ந்தால் உள்ளூர் மொத்த வியாபாரியிடம் கூடுதல் விலைக்கு வாங்கிச் சமாளிக்கிறோம்.

இரண்டு இடங்களில் கணக்கு ஏமாற்றும். இன்னும் வராத ஆர்டர் ரசீதுகளில் இருக்காது. 40 நாளாகியும் வராத ஒன்று இருந்தால், ரசீதுகள் காட்டுவதைவிட நிலைமை மோசம் என்று பொருள். அடுத்தது ரமலான். ஒவ்வொரு ஆண்டும் அது சுமார் 11 நாள் முன்னதாக வருகிறது. சென்ற ஆண்டு இதே மாத விற்பனையைப் பார்த்து ஆர்டர் போட்டால் தவறிவிடும். ரமலானுக்கு முந்தைய வாரங்களின் நாளொன்றுக்கான விற்பனையைத் தனியாக எடுத்து, அதை 38 நாளால் பெருக்குகிறோம்.

ஒவ்வொரு புது ரசீதையும் சேர்க்கும்போது மிகப் பழையதை நீக்கி, பத்தையே வைத்துக்கொள்கிறோம். அந்தப் பட்டியலைச் சப்ளையரிடம் காட்டியபோது, "21 நாள் என்பது கப்பலில் ஏற்றும் வரைக்கும்தான்" என்றார். இப்போது ஏற்றும் தேதியையும் தனியாக எழுதி வருகிறோம்.