கொளுவை மறைத்துக் கேட்கும் கேள்விகள்

உழவர்கரையில் இன்று கூடியுள்ள அவை தமிழறியாத அவை அன்று. குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, மருதம் என்றால் வயல், நெய்தல் என்றால் கடற்கரை, பாலை என்றால் வறண்ட நிலம் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிட்ட அவை இது. சங்க அகப்பாடல்களைப் பற்றி ஒரு மேடையில் கட்டுரை படிக்க வருபவர் இதே பட்டியலை மீண்டும் திரையில் காட்டி, இறுதியில் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது எது, மருதத்துக்குரிய சிறுபொழுது எது என்று அவையை நோக்கிக் கேட்பாரானால், அவர் சோதிப்பது அவையின் நினைவாற்றலையே. பாட்டு அங்கே படிக்கப்படவே இல்லை.

இதற்குச் சான்று வேண்டுவோர் அகநானூற்றின் அமைப்பை எண்ணிப் பார்க்கலாம். அத்தொகையை அடைவு செய்தவர்கள் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை என்றும், இரண்டிலும் எட்டிலும் முடியும் எண் குறிஞ்சி என்றும், நான்கில் முடிவது முல்லை, ஆறில் முடிவது மருதம், பத்தாம் எண்கள் நெய்தல் என்றும் ஒழுங்குபடுத்தி வைத்தார்கள். ஆகவே 400 பாட்டில் ஒன்றைக்கூடப் படிக்காத ஒருவர், பாட்டின் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, அதன் திணையைத் தவறில்லாமல் சொல்லிவிட முடியும்! இவ்வாறு எண்ணைக் கொண்டே விடை சொல்லிவிடக் கூடிய ஒன்றை இலக்கியக் கேள்வி என்று மேடைக்குக் கொண்டு வருவோரை இந்நகரின் இலக்கிய அன்பர்கள் நன்கு அறிவார்கள். அவர்கள் பெயர் இங்கே வேண்டுவதில்லை. முப்பது நிமிடத்தில் ஐந்து நிலத்தையும் சுற்றிக் காட்டிவிடுகிற அவர்களுடைய வேகத்தைக் கண்டால், உடன்போக்கில் பாலையைக் கடந்து செல்லும் தலைவனும் தலைவியும் வியந்து நின்றுவிடுவார்கள்.

போகட்டும். அகப்பாட்டைப் படிப்பவருக்கு உண்மையில் துணை நின்றவர் ஒருவர் உண்டு. அவருடைய பெயரும் தெரியாது, காலமும் உறுதியாகத் தெரியாது. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் இன்னார் இன்னாரிடம் இன்ன சூழலில் சொல்லியது என்று உரைநடையில் ஒரு குறிப்புக் காணப்படுகிறது. அக்குறிப்பைக் கொளு என்றும் துறைக்குறிப்பு என்றும் வழங்குவர். குறுந்தொகையில் 380 பாட்டுக்குப் பேராசிரியர் உரை எழுதினார் என்றும், அவர் எழுதாது விட்ட 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை எழுதினார் என்றும் மரபு கூறுகிறது. இரண்டு உரையும் இன்று இல்லை. இத்தனை பெரிய உரையாசிரியர்கள் எழுதியவை மறைந்துவிட, பெயர் தெரியாத அந்தக் கொளுக்காரர் எழுதிய ஒற்றை வரி மட்டும் ஏடுதோறும் படியெடுக்கப்பட்டு, சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இல் வெளியிட்ட முதற்பதிப்புக்கும், உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட பதிப்புக்கும், புதுவையில் இயங்கும் தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் வழியாக ஏவா வில்டன் 2010-இல் வெளியிட்ட ஒப்புநோக்குப் பதிப்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

ஆயினும் அந்தப் பெருமகனார் பாட்டை இயற்றியவர் அல்லர். பாட்டைப் படித்தவர்களுள் ஒருவர், எழுதி வைத்தவர்களுள் மூத்தவர். ஆகவே நுணுகிப் படிக்கச் செய்யும் கேள்வி ஒன்றை ஆக்க விரும்புபவர் முதலில் செய்யத்தக்கது, அவர் எழுதிய கொளுவை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பாட்டின் சொற்களை மட்டும் அவையின் முன் வைப்பதே. கொளு சொல்லும் செய்திகளுள் எவை பாட்டின் சொற்களிலேயே உள்ளன, எவை கொளு எழுதியவர் தாமே உய்த்துணர்ந்து சேர்த்தவை என்று பிரித்துக் காணும்போதுதான் படிப்புத் தொடங்குகிறது.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கபிலர் பாடியது, ஐந்தே அடி. அங்கே வேறு எவரும் இல்லை, அவன்தான் இருந்தான், அவன் கள்வன் என்று ஒரு பெண் சொல்கிறாள். அதை அவன் பொய்யாக்கினால் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறாள். அவன் தன்னைக் கூடிய அன்று, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும், தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய ஒரு குருகும் இருந்தது என்று முடிக்கிறாள். கொளுவோ, திருமணத்தை அவன் காலம் நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொல்லியது என்கிறது. இவற்றுள் பேசுபவள் அவனோடு கூடிய பெண் என்பது பாட்டிலேயே இருக்கிறது. கேட்பவள் தோழி என்பது இல்லை. திருமணம் என்பதும் இல்லை, காலம் நீண்டது என்பதும் இல்லை. அவை அந்தப் பெயர் தெரியாத படிப்பாளியின் முடிவுகள்.

இதற்கு மாறாக, அதே தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஒரு பெண்ணைப் பேசவைத்து, தலைவன் தன் மகனுடைய தாய்க்கு அடங்கி நடக்கிறான் என்று அவள் வாயால் சொல்லச் செய்கிறார். மகனின் தாய் என்று வேறொருத்தியைச் சுட்டுபவள் மனைவியாக இருக்க முடியாது. ஆகவே பேசுபவள் பரத்தை என்பதற்குக் கொளுவே தேவையில்லை. ஒரு பாட்டு எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் எவரும் கண்டுகொள்வர்.

இனி நிலத்துக்கு வருவோம். தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துப் பறவை, விலங்கு, மரம், உணவு போன்றவை கருப்பொருள். கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். கபிலரின் இப்பாட்டு குறிஞ்சித் திணை என்று பதிப்புகளில் காணப்படுகிறது. இதில் மலை எங்கே இருக்கிறது என்பதே அவையின் முன் வைக்கத்தக்க சிறந்த கேள்வி. மலை இல்லை, சுனை இல்லை, வேங்கை இல்லை. ஓடும் நீரும் ஆரலும் குருகும் வயற்புறத்துக்கும் கழிமுகத்துக்கும் பொருந்துகிறவை. உழவர்கரைக்கு மேற்கே ஊசுட்டேரிக் கரையில் நிற்பவருக்குப் பழகிய காட்சி அது. மலைக்கு உரியதாக இப்பாட்டில் இருப்பது தினை ஒன்றே. அதுவும் காட்சிக்குள் விளைந்து நிற்கவில்லை, குருகின் காலுக்கு உவமையாக மட்டும் வந்திருக்கிறது. பேசுகின்ற பெண் காலையும் மாலையும் கண்டு பழகியது தினைத்தாள் என்பதால், நீர்ப்பறவையின் காலைக் காணும்போதும் அவளுக்கு அதுவே நினைவுக்கு வருகிறது என்று விடை சொல்பவர், நிலம் இப்பாட்டில் அவளுடைய மனத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவராவார். உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை ஒரு திணையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று மயங்கலாம் என்று தொல்காப்பியர் விதித்திருப்பதன் பயன் இங்கே தெளிவாகிறது. பட்டியலை மட்டும் நம்புபவர் குருகைக் கண்டவுடன் நெய்தல் என்று கூவிவிடுவார்!

அடுத்து, குருகின் கண் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஆரல், அடிமணலிலும் சேற்றிலும் பதுங்கும் மீன். அதைப் பிடிக்க நிற்கும் பறவை நீரினின்று பார்வையை எடுக்காது. அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி, நடந்ததைப் பார்க்காத சாட்சி. எவருமே இல்லை என்று தொடங்கிய பெண், பின்னர்க் குருகும் இருந்தது என்று சேர்த்துக்கொள்ளும்போது, அந்த உம்மையின் பொருள் அவனோடு குருகும் என்பதா, அல்லது பயனற்ற குருகு மட்டுமே என்னும் இழிவா என்பது பற்றி அவையில் இரண்டு பக்கம் பிரியும். பிரியட்டும், இரு பக்கத்தாரும் தம் விடைக்குப் பாட்டிலிருந்து ஒரு சொல்லைக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சிலர் இன்னும் ஒருபடி சென்று, குருகுதான் தலைவன், ஆரல்தான் தலைவி என்பார்கள். கருப்பொருளைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் உள்ளுறை உவமம் அகமரபில் உண்டு. தெய்வம் ஒழிந்த ஏனைய கருப்பொருள் அதற்கு இடமாகும் என்பது தொல்காப்பிய விதி. அவள் அவனைக் கள்வன் என்றதும் அசையாமல் நின்று இரை தேடும் பறவையும் இதற்குத் துணை செய்கின்றன. ஆனால் குருகு இருந்தது என்னும் கூற்று சாட்சியைப் பற்றிய பேச்சாகவே வந்திருக்கிறது. அவனும் குருகும் அங்கே தனித்தனியே இருந்தார்கள். ஆகவே இவ்வுள்ளுறையை இரண்டாம் நிலையில் வைப்பதே தக்கது.

எல்லாவற்றினும் கூர்மையான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. அதை அவன் பொய்யாக்கினால் என்று அவள் சொல்கிறாளே, அந்த அது எது? அதற்கு முன் அச்சொல் சுட்டத்தக்க ஒன்றும் பாட்டில் இல்லை. மணப்பேன் என்று அவன் கொடுத்த வாக்கு அது என்றால், அவள் அஞ்சுவது அவன் வாக்குத் தவறுதலை. கூடியதே அது என்றால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அவன் மறுத்துவிடுவதை அஞ்சுகிறாள். சாட்சி தேடும் அவளுடைய பதற்றத்துக்கு இரண்டாவது பொருளே நெருக்கமாக நிற்கிறது. கொளு எழுதிய அப்பெருமகனார், திருமணம் நீட்டித்தது என்று எழுதியதால், முதலாவது பொருளின் பக்கம் சாய்ந்தார் என்று கொள்ளலாம். அவர் சாய்ந்தது பிழையன்று. ஆனால் அது ஒரு விடை. அதை மறைக்காமல் முதலிலேயே படித்துவிடும் மேடைகள், அவையோர் சொல்லியிருக்கக்கூடிய மற்றொரு விடையை எழாமலே செய்துவிடுகின்றன.

இவ்வாறு ஒரு சொல்லின்மேல் கேள்வியை நிறுத்துபவர், அச்சொல்லுக்குப் பாடவேறுபாடு உண்டா என்று பதிப்பின் அடிக்குறிப்பை முன்னரே பார்த்துவிட வேண்டும். ஏட்டுக்கு ஏடு மாறும் எழுத்தின்மேல் எழுப்பிய வாதம் அவையில் ஒருவர் எழுந்து வேறு பாடம் சொன்னவுடன் சரிந்துவிடும். அடுத்த அமர்வில் கட்டுரை படிக்க இருப்போர் ஐந்திணையையும் சுமந்து வராமல், ஒரு பாட்டைக் கொளு இல்லாமல் தாளில் எழுதி அவையோர் கையில் கொடுத்து, இருமுறை உரக்கப் படித்து, அவர்கள் விடையை எழுதி முடித்த பின்னரே கொளுவைக் காட்டுமாறு இம்மேடை கேட்டுக்கொள்கிறது.